பெற்றோர் பிரியும்போது பேரப்பிள்ளையின் நாள் கலையாமல் இருக்க

(மூத்தோருக்கான நலவாழ்வுப் பேச்சின் எழுத்து வடிவம்)



உங்கள் மகனோ மகளோ மணவிலக்குப் பெறுவது சரியா, தவறா என்று பேச நான் இங்கு வரவில்லை. அந்த முடிவை அவர்கள் எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகள் எந்த நாள் யாரிடம் இருப்பார்கள்? பள்ளி விட்டதும் எங்கே சாப்பிடுவார்கள்? இரவு எந்தக் கட்டிலில் படுப்பார்கள்? பிரியும் பெற்றோருக்கு இடையே சமரசப் பேச்சு நடத்துவது என் வேலை. அந்த அறைக்குள் நடப்பதில் பெரும்பகுதி இந்தச் சின்னச் சின்னக் கேள்விகள்தான்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? சிங்கப்பூரில் எத்தனையோ வீடுகளில் பள்ளி விட்டதும் பிள்ளையைக் கூட்டி வருவது நீங்கள். மதியச் சோறு போடுவது நீங்கள். குளிப்பாட்டுவதும் உங்கள் வீட்டுக் குளியலறையில்தான். பெற்றோர் இருவரும் நாள்களைப் பங்கு போடுகிறார்கள். பிள்ளையின் அன்றாட நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அட்டவணை சரியாக அமைய உங்களுக்குத் தெரிந்த விவரம் தேவைப்படுகிறது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதர் சாசனத்தின்கீழ் மணவிலக்குக்கு மனுச் செய்யும் பெற்றோருக்கு 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால், மனுவைத் தாக்கல் செய்வதற்கு முன் கூட்டாகப் பிள்ளை வளர்ப்பது பற்றிய கட்டாய வகுப்பை அவர்கள் முடிக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் உடன்பாடு வரவில்லை என்றால் குடும்ப நீதிமன்றம் அவர்களை ஆலோசனைக்கும் சமரசப் பேச்சுக்கும் அனுப்பும். அங்கே பேசியதை நாளை வழக்கில் ஒருவர்மீது ஒருவர் சாட்சியாகக் காட்ட முடியாது. மனம்விட்டுப் பேசட்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பொதுவாகத் தாத்தா பாட்டி அந்த அறைக்குள் உட்காருவதில்லை. வருத்தப்படாதீர்கள், உங்கள் பங்கு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

நீதிமன்ற ஆணையில் மூன்று சொற்கள் வரும். கல்வி, மருத்துவம், சமயம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் பொறுப்பு ஒன்று. பெரும்பாலும் அது அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்தே தரப்படும். பிள்ளை அன்றாடம் யாருடன் வசிக்கும் என்பது இரண்டாவது. மற்றவர் பிள்ளையுடன் செலவிடும் நேரம் மூன்றாவது. சண்டை அதிகமும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் வரும். "எனக்கு எத்தனை நாள், அவருக்கு எத்தனை நாள்" என்ற கணக்கில் அது நின்றுவிடும்.

அந்தக் கணக்கிலிருந்து அவர்களை நகர்த்த ஒரு தாள் போதும்.

பிள்ளையின் ஒரு நாள், ஒரு தாளில்

பேச்சுக்கு வருமுன் பிள்ளையின் ஒரு சாதாரணப் பள்ளி நாளை மணி வாரியாக எழுதி வரும்படி பெற்றோரிடம் சொல்வேன். எழுந்திருப்பது எத்தனை மணிக்கு, காலையில் என்ன சாப்பிடும், யார் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார், யார் திரும்பக் கூட்டி வருகிறார், மதியத் தூக்கம் உண்டா, வீட்டுப்பாடத்தின்போது யார் பக்கத்தில் உட்காருகிறார், மருந்து எப்போது, விளக்கு அணைப்பது எப்போது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேறுபட்டால் அதையும் குறிக்க வேண்டும்.

பல பெற்றோருக்கு இதில் பாதிதான் தெரியும். பகலில் அவர்கள் வேலையில் இருப்பதால் அது இயல்பு. மீதிப் பாதியை நிரப்ப வேண்டியவர் நீங்கள். நிரப்பும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். நடப்பதை எழுதுங்கள், நடக்க வேண்டியதை எழுதாதீர்கள். பேரன் மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கிறான் என்றால் அப்படியே எழுதுங்கள். "அவனுடைய அம்மா கண்டிப்பதில்லை" என்று ஓரத்தில் எழுதினால் அந்தத் தாள் அந்த நிமிடமே உதவாமல் போகும். மருமகள் அதைப் படிப்பார்.

ஒரு குடும்பம்

இனி ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில குடும்பங்களில் நடந்ததைச் சேர்த்து ஒன்றாகச் சொல்கிறேன்.

இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு 9 வயது, தொடக்கநிலை 3. பையனுக்கு 4 வயது, பாலர் பள்ளி. வீடு செங்காங்கில். அப்பாவின் அம்மா பக்கத்து புளோக்கில் இருக்கிறார், வயது 68. அப்பா, அம்மா இருவருக்கும் முழுநேர வேலை. பிரிவு என்று முடிவானதும் அம்மா தெம்பனிசில் உள்ள தன் அக்கா வீட்டுக்குப் போனார்.

அப்பா கேட்டது, ஒரு வாரம் தனக்கு, ஒரு வாரம் அம்மாவுக்கு. பார்க்க நியாயமாகத் தெரியும். அம்மா கேட்டது, பிள்ளைகள் தன்னுடனே இருக்க வேண்டும், அப்பா வார இறுதியில் வந்து பார்க்கலாம். இரண்டு வழக்கறிஞர்களும் கடிதம் எழுதி மூன்று மாதம் போயிருந்தது.

தாளை மேசைமேல் வைத்தோம். பாட்டி சொல்லச் சொல்ல மகன் எழுதியது. பேத்தி காலை 6 மணிக்கு எழுவாள். 6.50க்கு வீட்டைவிட்டுக் கிளம்பி நடந்தே பள்ளிக்குப் போவாள். மதியம் 1.30க்குப் பாட்டி கூட்டி வருவார். சாப்பாடு, குளியல், கொஞ்சம் ஓய்வு, 4 மணிக்கு வீட்டுப்பாடம். 5.30க்குத் தம்பியைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வருவார்கள். 6.30க்கு இரவுச் சாப்பாடு. தம்பிக்கு 8 மணிக்கும் அக்காவுக்கு 8.45க்கும் விளக்கு அணையும்.

அதன்படி அந்தப் பெண் 9 மணி 15 நிமிடம் தூங்குகிறாள். தொடக்கப்பள்ளி வயதில் 9 முதல் 11 மணி நேரத் தூக்கம் தேவை. அவள் அந்தக் கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறாள், அவ்வளவுதான்.

இப்போது அப்பா கேட்ட "ஒரு வாரம், ஒரு வாரம்" திட்டத்தை அதே தாளில் போட்டுப் பார்த்தோம். அம்மாவுக்கு வேலை 6 மணிக்கு முடியும். பாட்டி வீட்டுக்கு வந்து பிள்ளைகளை அழைக்கும்போது 7 ஆகிவிடும். தெம்பனிஸ் போய்ச் சேர 8. புத்தகப் பையை அடுக்கிப் பல் துலக்கிப் படுக்க 9.30. மறுநாள் காலை செங்காங் பள்ளிக்கு நேரத்தோடு வர, பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரு மணி நேரம் கைவசம் வேண்டும். ஆகவே 5.15க்கு எழ வேண்டும். தூக்கம் 7 மணி 45 நிமிடம். ஓர் இரவுக்கு ஒன்றரை மணி நேரம் குறைகிறது. ஐந்து பள்ளி இரவுகளுக்கு ஏழரை மணி நேரம். வாரத்தில் ஏறக்குறைய ஓர் இரவுத் தூக்கமே போய்விடுகிறது. அம்மா கேட்ட திட்டமும் அதே இடத்தில் இடித்தது. அதில் எல்லா வாரமும் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு "உனக்கு எத்தனை நாள்" என்ற பேச்சு அடங்கியது. யாரும் தோற்கவில்லை, கடிகாரம் இடம் தரவில்லை. தூரம்தான் பிரச்சினை என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அம்மா பொங்கோலில் வாடகை வீடு தேடுவதாகச் சொன்னார். அது கிடைக்கும்வரை முதல் கட்டம், கிடைத்த பிறகு இரண்டாம் கட்டம் என்று திட்டத்தைப் பிரித்தோம்.

முதல் கட்டத்தில் பள்ளி இரவுகளில் பிள்ளைகள் செங்காங்கிலேயே தூங்குவார்கள். செவ்வாய், வியாழன் மாலை அம்மா வருவார். இதற்கு அவர் வேலையிடத்தில் அந்த இரண்டு நாளும் காலையில் முன்கூட்டியே தொடங்கி 4.30க்குக் கிளம்ப அனுமதி கேட்டார். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்கும் ஊழியரின் விண்ணப்பத்தை முதலாளி முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்ற வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. கேட்டது கிடைத்தே தீரும் என்று அதற்குப் பொருள் இல்லை. இவருக்குக் கிடைத்தது. தம்பியைப் பாலர் பள்ளியிலிருந்து அவரே அழைத்து, இருவருடனும் செங்காங் நூலகத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் முடித்து, பக்கத்திலேயே சாப்பிட்டு, 7.40க்குக் கொண்டுவந்து விடுவார். ஒன்றுவிட்டு ஒரு வார இறுதி, வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை 5.30 வரை, தெம்பனிசில். மற்ற நாள்களில் இரவு 7.15க்குத் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேச்சு.

இந்த இடத்தில் அம்மா கையெழுத்துப் போடத் தயங்கினார். ஏன் என்று கேட்டேன். "ஆறு மாதம் இப்படி ஓடினால், பிள்ளைகள் இங்கேயே பழகிவிட்டார்கள், மாற்ற வேண்டாம் என்று நாளை சொல்வார்கள்" என்றார். அந்தப் பயம் வெறும் பயம் அல்ல. பிள்ளைகள் பழகிய ஏற்பாட்டைக் கலைக்க நீதிமன்றம் தயங்குவது உண்டு. ஆகவே முதல் கட்டத்துக்கு முடியும் நாளைத் திட்டத்திலேயே எழுதினோம். ஜூன் பள்ளி விடுமுறையோடு அது முடியும். அதற்குள் வீடு கிடைக்கவில்லை என்றால் மறுபடியும் கூடிப் பேச வேண்டும். இது தற்காலிகம், இதை வைத்து யாரும் உரிமை கோரக்கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்தோம். பிறகு கையெழுத்துப் போட்டார். உங்கள் வீட்டில் "இப்போதைக்கு" என்று யாராவது ஓர் ஏற்பாடு சொன்னால், எந்தத் தேதி வரை என்று கேளுங்கள்.

மே மாதம் பொங்கோலில் வீடு கிடைத்தது. இப்போது இரண்டு வீட்டுக்கும் இடையே சில நிறுத்தங்கள்தான். இரண்டாம் கட்டத்தில் திங்கள், செவ்வாய் இரவுகள் எப்போதும் அம்மா வீடு. புதன், வியாழன் இரவுகள் எப்போதும் அப்பா வீடு. வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மாறி மாறி வரும். நாள்கணக்கில் பார்த்தால் இது சரிபாதி. ஆனால் "ஒரு வாரம், ஒரு வாரம்" திட்டத்தைவிட இது நான்கு வயதுப் பையனுக்கு எளிது. அவனுக்குத் தேதி தெரியாது, "இன்றைக்குத் திங்கள், அம்மா வீடு" என்பது தெரியும். யாரையும் ஒரு வாரம் முழுக்கப் பிரிந்து இருக்கவும் வேண்டாம். அதிகம் போனால் ஐந்து இரவு. அந்த ஐந்து இரவு வரும்போது நடுவில் ஒரு மாலை மற்றவர் வந்து பிள்ளைகளுடன் சாப்பிடுவார் என்று எழுதிக்கொண்டோம்.

இதில் மாறாதது ஒன்று, பாட்டி வீடு. எந்த நாளாக இருந்தாலும் மதியம் 1.30க்குப் பாட்டிதான் பள்ளி வாசலில் நிற்பார். 4 மணிக்கு வீட்டுப்பாடம், 6.30க்குச் சாப்பாடு. பிறகு அன்றைய முறைக்கு உரியவர் வந்து அழைத்துப் போவார். பெற்றோர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கைமாற்றம் நடந்துவிடும். வெள்ளிக்கிழமை அம்மா முறை என்றால் அவர் பாட்டி வீட்டில் வந்து கூட்டிப் போவார். திங்கள் காலை பள்ளியில் விடுவார். அன்று பகல் வழக்கம்போலப் பாட்டி.

பாட்டியிடம் கேட்டவை

ஆனால் மருமகள் மாமியார் வீட்டு வாசலில் தினமும் வந்து நிற்பது என்பது லேசான காரியமா? அம்மாவின் இரண்டாவது தயக்கம் அதுதான். "நான் போனதும் என்னைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்." இதைத் தீர்க்காமல் மேலே போக முடியவில்லை. இடைவேளையில் மகன் பாட்டிக்குத் தொலைபேசியில் பேசினார். சில விஷயங்களில் பாட்டி ஒப்புக்கொண்டார், அவையும் திட்டத்தில் ஏறின.

மருமகள் வரும்போது பிள்ளைகள் பையோடு தயாராக இருப்பார்கள். வாசலில் ஐந்து நிமிடத்துக்குமேல் பேச்சு இல்லை. பணம், வீடு, வழக்கு பற்றிப் பாட்டியிடம் யாரும் கேட்க மாட்டார்கள், பாட்டியும் கேட்க மாட்டார். மகன் சொன்னதாக மருமகளிடமோ, மருமகள் சொன்னதாக மகனிடமோ செய்தி கொண்டுபோக மாட்டார். பிள்ளைகளிடம் "அங்கே என்ன சாப்பிட்டீர்கள், யார் வந்தார்கள்" என்று விசாரிக்க மாட்டார். கடைசியில் சொன்னதுதான் பாட்டிக்குக் கஷ்டமாக இருந்ததாம். அன்பினால் கேட்கும் கேள்விதான். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது உளவு கேட்பதுபோல் தெரியும். பதிலை அளந்து சொல்லப் பழகிவிடுவாள்.

பதிலுக்குப் பாட்டிக்கும் சில கிடைத்தன. மாலை தாமதமானால் 6 மணிக்குள் தகவல் தர வேண்டும். முழங்கால் வலிக்காக மாதம் ஒருமுறை பலதுறை மருந்தகம் போகும் நாளில் பாட்டி பள்ளிக்கு வர வேண்டியதில்லை, அன்று அப்பா அரைநாள் விடுப்பு எடுப்பார். பாட்டி சில நாள் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்றும் கேட்டேன். அறையில் யாரும் அதுவரை அதை நினைக்கவில்லை. 68 வயது முழங்கால்மீது ஒரு குடும்பத்தின் முழு அட்டவணையும் நிற்கிறது. பள்ளியில் உள்ள மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கேட்டுப் பெயர் பதிந்து வைத்தார்கள். இடம் உடனே கிடைக்காது, காத்திருப்போர் பட்டியல் இருக்கும். நோய் வந்த பிறகு தேடுவதற்கு அது உதவாது. உங்கள் உடம்புக்கு எவ்வளவு முடியும் என்பதைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். "எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் முடியாமல் போனால், அடிபடுவது பிள்ளையின் அட்டவணை.

பையில் போவதும் போகாததும்

இரண்டு வீடு என்றால் பொருள்கள் தொலையும். புத்தகப் பையும் பையன் கட்டிப்பிடித்துத் தூங்கும் பழைய குட்டித் தலையணையும் மட்டும் பயணம் போகும் என்று முடிவானது. மற்றவை இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். பள்ளிச் சீருடை, பல் துலக்கி, செருப்பு எல்லாம் இரண்டிரண்டு.

பெண்ணுக்கு ஆஸ்துமா இருந்தது. காலையும் இரவும் இழுக்கும் தடுப்பு மருந்து ஒன்று, மூச்சுத் திணறினால் இழுக்கும் நீல நிற மருந்து ஒன்று. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் தவறிப்போவது இந்தத் தடுப்பு மருந்துதான். அதை ஒரு நாள் விட்டால் உடனே எதுவும் தெரியாது. அப்பா வீட்டில் போட்டிருப்பார்கள் என்று அம்மாவும், அம்மா போட்டிருப்பார் என்று அப்பாவும் நினைத்தால் வாரத்தில் மூன்று நாள் போய்விடும். இரண்டு வாரம் கழித்து இரவில் இருமல் வரும், நீல மருந்து அடிக்கடி தேவைப்படும். அப்படித் தேவைப்படத் தொடங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். இந்தக் குடும்பம் மருத்துவரிடம் சொல்லி இரண்டு வீட்டுக்கும் தனித்தனித் தடுப்பு மருந்து வாங்கிக்கொண்டது. நீல மருந்து பள்ளிப் பையில் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று.

பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் போகும். ஒரு நாளுக்கு இரண்டு, மூன்று வரிதான். மருந்து எடுத்தாளா, எத்தனை மணிக்குத் தூங்கினான், வயிறு சரியாக இருக்கிறதா, ஆசிரியர் ஏதாவது கேட்டாரா. குறை சொல்ல அதில் இடம் கிடையாது. பாட்டியும் எழுதுவார், தமிழில்.

சரியாக இல்லை என்று எப்படித் தெரியும்?

வீடு மாறிய அன்றும் மறுநாளும் பிள்ளை கொஞ்சம் சிணுங்குவது வழக்கம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, ஞாயிறு மாலையானால் வயிற்றுவலி, பள்ளிக்குத் தாமதம், வகுப்பில் தூங்கி வழிவது இவை மூன்று, நான்கு வாரமாகத் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். அப்போதும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், பெற்றோரை அப்புறம் பார்க்கலாம்.

இந்தக் குடும்பத்துப் பையன் இரண்டாம் கட்டம் தொடங்கியபின் புதன்கிழமை இரவு மட்டும் அழுதான். அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மறுத்தான். அம்மா ஏதோ சொல்லிக்கொடுக்கிறார் என்று அப்பா நினைத்தார். அப்பாவைக் கண்டால் பிள்ளைக்குப் பயம் என்று அம்மா நினைத்தார். இரண்டு பேரும் வழக்கறிஞரைக் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார்கள். நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்ததில் பாட்டி எழுதியிருந்த ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: "இன்று பள்ளியில் தூங்கவில்லை." பாலர் பள்ளியில் புதன்கிழமை மதியம் வெளி நடவடிக்கை தொடங்கியிருக்கிறது, அன்று மதியத் தூக்கம் கிடையாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு மதியத் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். தூக்கம் கெட்ட நாளும் வீடு மாறும் நாளும் ஒன்றாக விழுந்துவிட்டன. புதன்கிழமை மட்டும் பாட்டி 6 மணிக்கே சோறு கொடுத்தார், அப்பா 7.30க்குள் படுக்க வைத்தார். மூன்றாவது வாரத்தில் அழுகை நின்றது. அதற்கும் நிற்காமல் இருந்திருந்தால் ஆலோசகரிடம் கூட்டிப் போவதாக முன்பே பேசி வைத்திருந்தோம்.

விடுமுறையும் பயணமும்

மார்ச்சிலும் செப்டம்பரிலும் வரும் ஒரு வார விடுமுறையில் வழக்கமான அட்டவணையே ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஜூனில் நான்கு வாரம், ஆண்டு முடிவில் ஆறு வாரம். பெண்ணுக்கு இரண்டு இரண்டு வாரமாகப் பிரிக்கலாம், தம்பிக்கு அது நீளம். அக்காவையும் தம்பியையும் பிரிக்கக்கூடாது என்பதால் இருவருக்கும் ஒரு வாரம், ஒரு வாரம் என்று வைத்தார்கள். விடுமுறையில் பள்ளிக்கு எழ வேண்டியதில்லை, ஆகவே அங்கே அது பொருந்தியது.

தீபாவளிக்குத்தான் அதிக நேரம் பேசினோம். முந்தின இரவும் காலை எண்ணெய்க் குளியலும் பிற்பகல் 1 மணி வரையும் ஒருவர் வீட்டில், அதன்பின் மற்றவர் வீட்டில். அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வது. பாட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பேரப்பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வைப்பார். அது அவருக்கு வலித்தது என்று மகன் சொன்னார். அதற்கு எந்த அட்டவணையிலும் மருந்து இல்லை.

ஊருக்குக் கூட்டிப் போவது பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை யாரிடம் வசிக்கும் என்று நீதிமன்ற ஆணை வந்த பிறகு, பெற்றோர் இருவரின் எழுத்துபூர்வச் சம்மதமோ நீதிமன்றத்தின் அனுமதியோ இல்லாமல் பிள்ளையை சிங்கப்பூருக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பிள்ளை அன்றாடம் வசிக்கும் பெற்றோர் மட்டும் ஒரு மாதத்துக்குக் குறைவான பயணத்துக்குக் கூட்டிப் போகலாம். தாத்தா பாட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. உறவில் கல்யாணம் என்று திருச்சிக்கு டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு பேரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜொகூருக்கு ஒரு நாள் போய்வருவதும் வெளிநாட்டுப் பயணம்தான்.

எப்போது இந்த வழி பொருந்தாது?

அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து அட்டவணை பேசுவது முதல் வேலை அல்ல. பயந்தவர் எதற்கும் தலையாட்டுவார். அப்படிப் போட்ட கையெழுத்துக்கு மதிப்பு இல்லை. அங்கே முதலில் பாதுகாப்பு உத்தரவு, பிறகுதான் மற்றது. பிள்ளையைப் பார்ப்பதும் பொறுப்பானவர் ஒருவரின் மேற்பார்வையில் நடக்க ஏற்பாடு செய்ய முடியும். உங்கள் மகன் பக்கமே தவறு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தாலும் மறைக்காதீர்கள். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-777-0000, எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

முஸ்லிம் குடும்பங்களின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும். அங்கும் ஆலோசனை வகுப்பும் சமரசப் பேச்சும் உண்டு, அந்தத் தாள் அங்கும் உதவும்.

வழக்கு இன்னும் தொடங்கவில்லை, வீட்டில் பேச்சுத்தான் நடக்கிறது என்றால், உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் பெற்றோரைப் போகச் சொல்லலாம். நீங்களும் போகலாம். போகும்போது பிள்ளையின் ஒரு நாளை எழுதிய தாள், பாலர் பள்ளியும் பள்ளியும் தந்த கால அட்டவணை, மருந்துச் சீட்டு, மருத்துவச் சந்திப்புத் தேதிகள், அவற்றோடு உங்களுடைய மருத்துவச் சந்திப்புத் தேதிகளையும் எடுத்துச் செல்லுங்கள்.